டெலிட் முடிந்ததும் ஷ்ரிங்க்: டேட்டா ஃபைலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய டேட்டாவை அழிக்கும் வேலை முடிகிறது. கோடிக்கணக்கான வரிகள் போய்விட்டன. டிஸ்கைத் திறந்து பார்த்தால் டேட்டா ஃபைல் ஒரு எம்பி கூடக் குறையவில்லை. அடுத்த நிமிடமே பலரும் தேடுவது DBCC SHRINKFILE. நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு முறை செய்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை, அதை ஞாயிறுதோறும் தானாக ஓடும் ஜாபாகவே போட்டு வைத்தேன். திங்கட்கிழமைகளில் மட்டும் அறிக்கைகள் ஏன் தவழ்கின்றன என்று கண்டுபிடிக்கச் சில வாரம் ஆனது. இங்கே சொல்லப்போவது எஸ்கியூஎல் சர்வரைப் பற்றி. மற்ற டேட்டாபேஸ்களில் உள்ளே நடப்பது வேறு.

முதலில், டெலிட் செய்தும் ஃபைல் ஏன் அப்படியே இருக்கிறது? எஸ்கியூஎல் சர்வர் டேட்டாவை 8 கேபி பேஜ்களாக வைத்திருக்கிறது. வரிகளை அழித்ததால் காலியாகும் பேஜ்கள் ஃபைலுக்கு உள்ளேயே, அடுத்து வரும் டேட்டாவுக்காகக் காத்திருக்கும். விண்டோஸுக்கு அந்த இடம் திரும்பிப் போகாது. இது கோளாறு இல்லை, அமைப்பே அப்படித்தான். எவ்வளவு காலி என்று பார்க்க இது போதும்:

```sql
SELECT name,
       size/128 AS size_mb,
       FILEPROPERTY(name,'SpaceUsed')/128 AS used_mb
FROM sys.database_files
WHERE type_desc = 'ROWS';
```

பேஜ்கள் தலைகீழாகும் விதம்

ஷ்ரிங்க் செய்யும் வேலை மிக எளிமையானது, கொஞ்சம் முரட்டுத்தனமானதும்கூட. ஃபைலின் கடைசியில் இருக்கும் பேஜை எடுக்கும், முன்பக்கத்தில் எங்கே முதல் காலி இடம் இருக்கிறதோ அங்கே போடும். அப்புறம் கடைசிக்கு முந்தைய பேஜ், அடுத்த காலி இடம். இப்படியே போய், பின்பக்கம் முழுவதும் காலியானதும் அந்தப் பகுதியை வெட்டி விண்டோஸிடம் கொடுத்துவிடும். எந்தப் பேஜ் எந்த இன்டெக்ஸுடையது, அதற்கு அடுத்த பேஜ் எது என்பதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை.

பன்னிரண்டு அறைகள் கொண்ட ஒரு குட்டி ஃபைலை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு அறைகள் டெலிட்டால் காலி. ஏழாவது அறையிலிருந்து ஒரு இன்டெக்ஸின் பேஜ்கள் 1, 2, 3, 4, 5, 6 என்று வரிசையாக இருக்கின்றன. ஷ்ரிங்க் கடைசியிலிருந்து தொடங்குகிறது. 6 முதல் அறைக்குப் போகிறது, 5 இரண்டாவது அறைக்கு, 4 மூன்றாவது அறைக்கு. முடிந்ததும் ஃபைல் பாதியாகிவிட்டது, ஆனால் வரிசை 6, 5, 4, 3, 2, 1. துளிச் சிதறலும் இல்லாமல் இருந்த இன்டெக்ஸ் முழுக்கத் தலைகீழாகிவிட்டது. உண்மையான ஃபைலிலும் இதேதான் நடக்கும். ஷ்ரிங்குக்கு முன்னும் பின்னும் sys.dm_db_index_physical_stats-இல் avg_fragmentation_in_percent என்ற எண்ணைப் பாருங்கள். ஒற்றை இலக்கத்தில் இருந்தது தொண்ணூறுக்கு மேல் போய் நிற்பதைப் பார்க்கலாம்.

இதனால் என்ன நஷ்டம்? இன்டெக்ஸில் பெரிய பகுதியை வரிசையாகப் படிக்கும்போது எஸ்கியூஎல் சர்வர் பேஜ்களை ஒவ்வொன்றாகப் படிப்பதில்லை. அடுத்து தேவைப்படப் போகும் பேஜ்களை முன்கூட்டியே, அவை டிஸ்கில் அடுத்தடுத்து இருந்தால் பெரிய கொத்தாக, ஒரே மூச்சில் இழுத்து வைத்துக்கொள்ளும். வரிசை கலைந்துவிட்டால் கொத்து சிறுத்துப் போகும், படிக்கும் தடவைகள் பெருகும். மாத அறிக்கை, பெரிய தேதி வரம்பில் ஓடும் கூட்டல் போன்றவைதான் முதலில் அடி வாங்கும். சாவியைக் கொடுத்து ஒற்றை வரியைத் தேடுவது அவ்வளவாகப் பாதிக்கப்படாது. எஸ்எஸ்டியில் அடி குறைவு என்பதும் உண்மை. ஆனால் "எஸ்எஸ்டிதானே" என்று விட்டுவிடவும் முடியாது, ஏனென்றால் ஷ்ரிங்கின் விலை சிதறலோடு நிற்பதில்லை. நகரும் ஒவ்வொரு பேஜும் டிரான்சாக்ஷன் லாகில் எழுதப்படுகிறது. எழுபது ஜிபி நகர்ந்தால் லாகும் அந்த அளவுக்கு ஊதும், லாக் பேக்கப்பும் ஊதும், அவெய்லபிலிட்டி குரூப் இருந்தால் மறுபக்கத்து சர்வருக்கும் அத்தனையும் போய்ச் சேர வேண்டும். டேட்டா ஃபைலைச் சுருக்கப் போய் லாக் ஃபைலைப் பெருக்கி டிஸ்கை நிரப்பிக்கொண்டவர்கள் உண்டு.

சுருக்கு, கட்டு, வீங்கு, மறுபடி சுருக்கு

ஒரு முறை ஷ்ரிங்க் செய்வது காயம் என்றால், திரும்பத் திரும்பச் செய்வது அந்தக் காயத்தை ஆற விடாமல் கீறுவது. கணக்காகப் பார்த்தால் புரியும்.

ஃபைல் 400 ஜிபி. டெலிட்டுக்குப் பிறகு உள்ளே உண்மையில் இருப்பது 150 ஜிபி. அதில் ஒரே ஒரு பெரிய கிளஸ்டர்டு இன்டெக்ஸ் மட்டும் 90 ஜிபி. சும்மா கிடக்கும் 250 ஜிபி கண்ணை உறுத்துகிறது, 155 ஜிபிக்குச் சுருக்குகிறோம். சிதறல் உச்சத்துக்குப் போகிறது. சரி, இன்டெக்ஸை ரீபில்ட் செய்துவிடலாம் என்று ALTER INDEX ... REBUILD ஓட்டுகிறோம். ரீபில்ட் பழைய இன்டெக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் புதிதாக இன்னொன்றைக் கட்டும், கட்டி முடித்த பிறகுதான் பழையதை விடும். அதாவது 90 ஜிபி இடம் வேண்டும். இருப்பது 5 ஜிபி. மீதி 85 ஜிபிக்கு ஃபைல் வளர வேண்டும். 2016 பதிப்பிலிருந்து வரும் இயல்பான 64 எம்பி வளர்ச்சியை யாரும் மாற்றாமல் விட்டிருந்தால், அது 1360 தடவை வளரும். இன்ஸ்டன்ட் ஃபைல் இனிஷியலைசேஷன் அனுமதி இல்லாத சர்வரில் ஒவ்வொரு தடவையும் புதிய பகுதியைப் பூஜ்யங்களால் நிரப்பும் வரை காத்திருக்க வேண்டும்.

முடிந்ததும் ஃபைல் 240 ஜிபி. பழைய இன்டெக்ஸ் இருந்த இடம், பெரும்பாலும் ஃபைலின் முன்பகுதியில், 90 ஜிபி ஓட்டையாக நிற்கிறது. புதிய இன்டெக்ஸ் அழகான வரிசையில் பின்பகுதியில் இருக்கிறது. இப்போது யாரோ அறிக்கையைப் பார்த்து "90 ஜிபி வீணாகிறதே" என்று மறுபடி ஷ்ரிங்க் போட்டால்? பின்பக்கத்தில் புத்தம் புதிதாக அடுக்கிய இன்டெக்ஸ் கடைசியிலிருந்து ஒவ்வொரு பேஜாக முன்னே வந்து மறுபடி தலைகீழாகிறது. என் ஞாயிற்றுக்கிழமை ஜாப் செய்தது இதைத்தான். சனி இரவு ரீபில்ட், ஞாயிறு ஷ்ரிங்க். ஒரு கை கட்டியதை மறு கை இடித்துக்கொண்டிருந்தது.

இந்தச் சுழலை யாரும் வேண்டுமென்று போடாமலேயே மாட்டிக்கொள்ள ஒரு வழியும் இருக்கிறது. டேட்டாபேஸின் AUTO_SHRINK தேர்வு ON ஆக இருந்தால், ஃபைலில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் காலி என்று தெரிந்ததும் சர்வரே சுருக்கத் தொடங்கும், அது பரபரப்பான நேரமா என்று பார்க்காது. பழைய டேட்டாபேஸ்களில் இது ON ஆகவே கிடப்பதை இன்றும் பார்க்கிறேன். sys.databases-இல் is_auto_shrink_on 1 என்று இருந்தால் யோசிக்காமல் அணைத்துவிடலாம்.

ஷ்ரிங்க் வரிகளை நெருக்காது

டெலிட் முடித்தும் காலி இடம் எதிர்பார்த்த அளவு தெரியவில்லை என்றால் ஷ்ரிங்க் அதைச் சரிசெய்யும் என்று நம்புவது இன்னொரு தவறு. ஷ்ரிங்க் நகர்த்துவது முழு பேஜ்களை. ஒரு பேஜில் நூறு வரிகள் இருந்து தொண்ணூற்றொன்பது அழிந்துவிட்டாலும், அந்த ஒற்றை வரியோடு 8 கேபியும் அப்படியே நகரும்.

தேதி வாரியாக அடுக்கிய டேபிளில் பழைய தேதிகளை அழித்தால் பேஜ்கள் முழுதாகக் காலியாகும், பிரச்சினை இல்லை. ஆனால் வாடிக்கையாளர் வாரியாக அடுக்கிய டேபிளில் பழைய தேதிகளை அழித்தால், எல்லாப் பேஜிலும் கொஞ்சம் கொஞ்சம் ஓட்டை விழும், எதுவும் முழுதாகக் காலியாகாது. அங்கே முதலில் வரிகளை நெருக்க வேண்டும். கிளஸ்டர்டு இன்டெக்ஸே இல்லாத ஹீப் டேபிள் இன்னும் மோசம்: டேபிளைப் பூட்டாமல் டெலிட் செய்தால் காலியான பேஜ்களைக்கூட அந்த டேபிளே பிடித்து வைத்துக்கொள்ளலாம். அதை விடுவிக்க ALTER TABLE ... REBUILD வேண்டும்.

சுருக்கியே ஆக வேண்டும் என்றால்

முதலில் கேட்க வேண்டியது, அந்த 250 ஜிபி எப்போது மறுபடி நிரம்பும் என்பது. ஒரு வருடத்தில் நிரம்பும் என்றால் விட்டுவிடுங்கள். பேக்கப் சிறிதாகும் என்பதற்காகச் சுருக்குவதில் பயனில்லை. முழு பேக்கப் காலியான பகுதிகளை எடுப்பதே இல்லை. ஆனால் அதை வேறொரு சர்வரில் ரீஸ்டோர் செய்யும்போது 400 ஜிபி முழுவதும் வேண்டும். டெஸ்ட் சர்வரில் அந்த இடம் இல்லை என்பது நியாயமான காரணம். வருடக்கணக்கில் சேர்ந்த டேட்டாவை ஒரே முறை வேறிடத்துக்கு மாற்றிவிட்டோம், இனி அந்த அளவுக்கு வளராது என்பதும் நியாயமே.

அப்படியானால் இலக்கை ஒட்டி வெட்டாதீர்கள். மேலே சொன்ன கணக்கில் 150 ஜிபி டேட்டா, பெரிய இன்டெக்ஸை ரீபில்ட் செய்ய 90, வரும் மாதங்களின் வளர்ச்சிக்கு 30. ஆக 270 ஜிபி, எம்பியில் 276480. அப்போதும் 130 ஜிபி திரும்பக் கிடைக்கிறது, ரீபில்ட் செய்தாலும் ஃபைல் வளர வேண்டியதில்லை. முதலில் பேஜ் எதையும் நகர்த்தாத TRUNCATEONLY ஓட்டுங்கள். பின்பக்கம் ஏற்கனவே காலியாக இருந்தால் அது நொடிகளில் வெட்டிக் கொடுத்துவிடும். ஆனால் அது நமது 276480-ஐப் பார்க்காது, வெட்ட முடிந்த வரை வெட்டும். இலக்குக்குக் கீழே போய்விட்டால் ஃபைலை ALTER DATABASE மூலம் அந்த அளவுக்கு ஒரே தடவையில் வளர்த்து வைத்துக்கொள்ளுங்கள். குறையவில்லை என்றால் மட்டும் இரண்டாவது கட்டளை:

```sql
DBCC SHRINKFILE (N'SalesData', TRUNCATEONLY);
DBCC SHRINKFILE (N'SalesData', 276480);
```

இரண்டாவது மணிக்கணக்கில் ஓடலாம். நடுவில் நிறுத்தினால் அதுவரை நகர்ந்தது வீணாகாது, அடுத்த இரவு அங்கிருந்தே தொடரலாம். sys.dm_exec_requests-இல் percent_complete அசையாமல் நின்றால் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, வேறொரு டிரான்சாக்ஷன் வழியை மறிக்கிறது. மற்றது, VARCHAR(MAX) போன்ற பெரிய மதிப்புகளின் பேஜ்களை நகர்த்துகிறது, அது இயல்பாகவே நத்தை வேகம்.

முடிந்ததும் சிதறலை அளந்து, தலைகீழான இன்டெக்ஸ்களைச் சரிசெய்ய வேண்டும். இடம் விட்டு வைத்திருந்தால் ரீபில்ட் செய்யலாம். இடம் நெருக்கமாக இருந்தால் REORGANIZE. அது இருக்கும் பேஜ்களையே இடம் மாற்றி அடுக்குவதால் ஃபைலை வளர்க்காது, லாகை மட்டும் நிரப்பும். அதற்குப் பிறகு ஃபைலில் தெரியும் காலி இடத்தைத் தொடாதீர்கள்.

சுருக்க வேண்டியது மிக அதிகம் என்றால் நான் ஷ்ரிங்கையே தவிர்ப்பேன். புதிய ஃபைல்குரூப் ஒன்றைச் சேர்த்து, பெரிய டேபிள்களின் கிளஸ்டர்டு இன்டெக்ஸை CREATE INDEX ... WITH (DROP_EXISTING = ON) மூலம் அங்கே கட்டிவிடுவேன். டேட்டா வரிசையாக, நெருக்கமாகப் போய்ச் சேரும். பழைய ஃபைலில் மீதியிருப்பது கொஞ்சம்தான் என்பதால் அதைச் சுருக்குவதும் வலிக்காது. மற்ற இன்டெக்ஸ்களைத் தனித்தனியாக நகர்த்த வேண்டும். VARCHAR(MAX) போன்றவற்றின் பேஜ்கள் மட்டும் இந்த வழியில் நகராமல் பழைய ஃபைல்குரூப்பிலேயே தங்கிவிடும். டேபிளில் பெரும்பகுதி அதுதான் என்றால் புதிய டேபிள் ஒன்றை உருவாக்கி வரிகளை அதற்குள் ஏற்றுவதைத் தவிர வேறு சுலபமான வழியை நான் பார்த்ததில்லை.