வீட்டுப் படத்தில் பனி போர்த்துவது எப்படி: வெயிலும் நிழலும் கெடாமல் ஒரு செய்முறை

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பு வீடு. முகப்பில் இரண்டு பக்கமும் சரியும் சீமை ஓட்டுக் கூரை, முன்னால் புல்தரை, இடப்பக்கம் ஒரு தென்னை. டிசம்பர் மாதக் காலை ஒன்பது மணி வெயிலில் எடுத்த படம். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குப் புத்தாண்டு வாழ்த்து அனுப்ப வீட்டுக்காரருக்கு ஓர் ஆசை: ஓட்டிலும் புல்லிலும் பனி கொட்டிக் கிடக்க வேண்டும். ஆனால் பார்த்தவுடன் நம்ம வீடு என்று தெரியவும் வேண்டும்.

முதலில் யாருக்கும் தோன்றுவது, வெள்ளை பிரஷ்ஷை எடுத்துப் பூசுவதுதான். பூசிப் பாருங்கள், கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தது போல இருக்கும். நிறம் சரிதான், வெளிச்சம்தான் போய்விட்டது. புல்மேல் விழுந்திருந்த தென்னை நிழல், ஓட்டு வரிகளின் மேடு பள்ளம், வெயில் பட்ட சரிவுக்கும் படாத சரிவுக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் வெள்ளைக்கு அடியில் புதைந்துவிடும். அதனால் இங்கே பனியை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டப் போவதில்லை. படத்தில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சத்தைப் பிரித்தெடுத்து, அதையே பனியாக மாற்றப் போகிறோம். இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் 2.10 என்ற படத் திருத்த மென்பொருள் போதும்.

எந்தப் படம் சரிப்படும்

பனி பெய்யும் ஊர்களில் குளிர்காலச் சூரியன் தாழ்வாகவே நகரும், நிழல்கள் நீளமாக விழும். நம் கொங்குப் பகுதி 11 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருப்பதால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அந்த உச்சி வெயில் படத்தில் எவ்வளவு நேர்த்தியாகப் பனி போர்த்தினாலும் ஏதோ இடிக்கும். டிசம்பர், ஜனவரியில் காலை எட்டரை முதல் ஒன்பதரைக்குள் எடுத்தது நல்லது. ஆடி மாதத்து மேகமூட்டத்தில் எடுத்தது இன்னும் சுலபம், நிழலே இருக்காது. ஆனால் பார்க்கக் கொஞ்சம் சப்பென்று இருக்கும்.

அளந்து பார்ப்பது

படத்தைத் திறந்து Ctrl+Shift+D அழுத்தி இரண்டு நகல் லேயர் எடுங்கள். ஒன்றுக்குப் புல் என்றும் மற்றதற்கு ஓடு என்றும் பெயர் வையுங்கள். அசல் லேயர் அடியில் அப்படியே இருக்கட்டும், அதைத் தொடவே வேண்டாம். ஒரு லேயரில் வேலை செய்யும்போது மற்றதன் கண் அடையாளத்தை அணைத்துவிடுங்கள்.

இரண்டு நகலிலும் Colors > Desaturate > Desaturate போய், Luminance தேர்ந்தெடுத்து நிறத்தை நீக்குங்கள். அப்புறம் Filters > Blur > Median Blur. புல் லேயருக்கு Radius 12 வைத்துப் பாருங்கள், புல் இதழ்கள் மறைந்து நிழலின் விளிம்பு மட்டும் நிற்க வேண்டும். தென்னங்கீற்றின் நிழலே குழம்பிப் போனால் எண்ணைக் குறையுங்கள். ஓட்டுக்கு 4 போதும், வரி தெரிய வேண்டும் அல்லவா. இங்கே Gaussian Blur வேண்டாம், அது நிழலின் விளிம்பையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

இப்போது O விசையை அழுத்தினால் நிறம் எடுக்கும் கருவி வரும். அதன் அமைப்பில் Sample average தேர்ந்தெடுத்து, Shift பிடித்தபடி கிளிக் செய்தால் எண்கள் தெரியும். பெட்டி வேறு அளவில் காட்டினால் 0 முதல் 255 வரையிலான RGB அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நம் படத்தில் வந்தவை இவை. வெயிலில் இருக்கும் புல் 128, தென்னை நிழலில் இருக்கும் புல் 62. கிழக்குப் பார்த்த ஓட்டுச் சரிவு 96, மேற்குச் சரிவு 53.

இந்த நான்கு எண்களில்தான் மொத்த வேலையும் அடங்கியிருக்கிறது. நிழல் எத்தனை மடங்கு இருட்டு என்பதை முடிவு செய்வது சூரியனும் வானமும்தான், கீழே கிடக்கும் பொருள் அல்ல. வெயில் புல்லின் எண்ணில் ஏறக்குறைய பாதிதான் நிழல் புல்லின் எண் என்றால், அதே இடத்தில் பனி விழுந்தாலும் நிழல் பனியின் எண் ஏறக்குறைய பாதியாகத்தான் இருக்க வேண்டும். ஆக நாம் வெளிச்சத்தைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். Brightness பட்டையை இழுத்தால் நிழலும் வெயிலும் ஒன்றாக மேலேறி, படம் சோகையாகிவிடுவது இதனால்தான்.

பெருக்குவது

Colors > Levels திறந்தால் Input Levels வரிசையின் வலக்கோடியில் 255 என்று ஓர் எண் இருக்கும். அதைக் குறைப்பதுதான் பெருக்கல். இடக்கோடியில் இருக்கும் 0 அப்படியே இருக்கட்டும்.

ஓட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். வெயில் நேராகப் படும் கிழக்குச் சரிவுதான் படத்திலேயே வெளிச்சமான பனி. அதை 242க்குக் கொண்டுவருவோம். 255 வரை போனால் விவரமே இல்லாத வெற்றுக் காகிதமாகிவிடும். கணக்கு எளிது: 96ஐ 255ஆல் பெருக்கி 242ஆல் வகுத்தால் 101. வலக்கோடியில் 101 என்று எழுதுங்கள். மேற்குச் சரிவு தானாகவே 53இலிருந்து 134க்கு வந்து நிற்கும். இவ்வளவு மங்கலா என்று தோன்றும். அதைத் தனியாகப் பிடித்து வெளுக்கத்தான் கை வரும், செய்யாதீர்கள். அந்த மங்கல்தான் சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பவருக்குச் சொல்கிறது.

புல்லுக்கு வேறு எண் வேண்டும். காலைச் சூரியன் சாய்ந்து வருவதால், அதை எதிர்கொண்டு நிற்கும் சரிவை விடச் சமதரைக்கு வெளிச்சம் குறைவு. அதனால் தரைப் பனி 215 இருந்தால் போதும். 128ஐ 255ஆல் பெருக்கி 215ஆல் வகுத்தால் 152 வரும். அதை எழுதினால் தென்னை நிழல் 104க்கு வரும். இரண்டு லேயருக்கும் ஒரே எண்ணைப் போட்டால் ஓடு மங்கிக் கிடக்கும் அல்லது புல் வெளுத்துப் போகும், ஏனென்றால் செங்காவி ஓடும் பச்சைப் புல்லும் தொடங்கும் இடமே வேறு.

அடுத்து இரண்டு லேயருக்கும் மாஸ்க், அதாவது லேயரின் எந்தப் பகுதி தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்லும் மறைப்பு. F அழுத்திக் கூரையின் ஓரத்தை ஒட்டிக் கோடு கோடாகச் சுற்றித் தேர்வு செய்து, ஓடு லேயர்மேல் வலது கிளிக் செய்து Add Layer Mask போய் Selection தேர்ந்தெடுங்கள். புல்லுக்கும் அதே வழி. முடித்ததும் Select > None.

நிழலின் நீலம்

வெயிலில் கிடக்கும் பனிக்கு இளமஞ்சள் சாயல், நிழலில் கிடக்கும் பனிக்கு நீலச் சாயல். நிழலுக்குச் சூரியன் வராது, வானம் மட்டும்தான் வெளிச்சம் தருகிறது. எவ்வளவு நீலம் என்று ஊகிக்க வேண்டியதில்லை, உங்கள் படத்திலேயே சாட்சி இருக்கும். அசல் லேயரில் வெள்ளைச் சுவரின்மேல் தென்னை நிழல் விழுந்த இடத்தில் கிளிக் செய்யுங்கள். நம் படத்தில் சிவப்பு 112, பச்சை 120, நீலம் 134. அதாவது நீலம் சிவப்பை விட 22 அதிகம். சுவருக்கு மஞ்சளோ ரோஸோ அடித்திருந்தால் அது உதவாது. கொடியில் காயும் வெள்ளை வேட்டி நிழலில் இருந்தால் அதைத் தொட்டுப் பாருங்கள். திண்ணைக்கு உள்ளே அளக்காதீர்கள், சிவப்புத் தரையின் சாயல் அங்கே ஏறியிருக்கும்.

இரண்டு பனி லேயரிலும் Colors > Color Balance திறந்து, Midtones தேர்ந்தெடுத்து நீலத்தைக் கூட்டிச் சிவப்பைக் கொஞ்சம் குறையுங்கள். நிழல் பனியிலும் அந்த 22 வரும்வரை நகர்த்தினால் போதும். Highlights பக்கம் மஞ்சளை ஒரு துளி சேர்க்கலாம். மாஸ்க் அல்ல, லேயரின் சிறு படம்தான் தேர்வாகியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கனம்

இதுவரை வந்திருப்பது வெளுத்த கூரை. அது பனியாவது ஓரத்தில்தான். எத்தனை பிக்சல் கனம் என்பதைக் கதவை வைத்துக் கணக்கிடலாம். 7 அடிக் கதவு 84 அங்குலம். படத்தில் அது 840 பிக்சல் உயரம் என்றால் ஓர் அங்குலத்துக்கு 10 பிக்சல். இரண்டு அங்குலப் பனி போதும், ஆக 20 பிக்சல். அதற்கு மேல் போனால் ஓட்டு வரிகள் தெரியக் கூடாது, நாம் பாதுகாத்த வெளிச்சத்துக்கும் வேலை இருக்காது. ஊட்டியில் புல்மேல் படியும் உறைபனிப் படத்தைப் பார்த்து வரையாதீர்கள், அது மெல்லிய படலம், அதற்குக் கனமே கிடையாது.

புது லேயரில் கூரையின் கீழ் விளிம்பை ஒட்டி 20 பிக்சல் அகலத்தில், கொஞ்சம் கோணல்மாணலாக ஒரு பட்டை வரையுங்கள். அதன் நிறம் கூரைப் பனியின் நிறமல்ல. அந்தத் தடிப்பின் முகம் நம்மைப் பார்த்து நிற்பதால், முன்சுவர் வாங்கும் வெயில்தான் அதற்கும். வெயில் பட்ட வெள்ளை முன்சுவரிலிருந்து நிறத்தை எடுத்துப் பூசுங்கள். பட்டைக்குக் கீழே மூன்று நான்கு பிக்சலுக்கு ஒரு மெல்லிய நிழல். கூரையின் உச்சி விளிம்பையும் வானத்துக்குள் அதே அளவு உயர்த்துங்கள், இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

தரையில் அவ்வளவு வேலை இல்லை. மாஸ்க்கில் சிறிய கறுப்பு பிரஷ்ஷால் ஆங்காங்கே புல் நுனியை எட்டிப் பார்க்க விடுங்கள். தாழ்வாரத்துக்கு அடியில் ஓரடி அகலத்துக்குப் பனியைப் பாதியாக அழியுங்கள், அங்கே கூரை மறைப்பதால் அவ்வளவு விழாது.

சுவருக்கும் கூரையடிக்கும்

புல் தன்மேல் விழும் வெயிலில் சுமார் கால் பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. புதுப் பனி 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். அப்படியானால் பனி கிடக்கும் வீட்டில் சுவரின் அடிப்பகுதியும் ஓட்டின் உள்பக்கமும் முன்பைவிடப் பளிச்சென்று இருக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால், பனி சரியாக இருந்தும் வீடு மட்டும் வேறு நாளில் எடுத்தது போல் நிற்கும்.

அசல் லேயரை மறுபடி ஒரு நகல் எடுத்து, பனி லேயர்களுக்குக் கீழே வைத்து, Mode இல் Screen தேர்ந்தெடுங்கள். Colors > Hue-Saturation இல் Saturation ஐ 30 அளவு குறையுங்கள், புல்லின் பச்சைச் சாயல் இனி அங்கே வரக் கூடாது. Add Layer Mask போய் Black தேர்ந்தெடுத்தால் எல்லாம் மறையும். பெரிய மென்மையான வெள்ளை பிரஷ்ஷை 20 சதவீத Opacity யில் வைத்து, தரையை ஒட்டிய சுவரிலும் தாழ்வாரத்தின் அடியிலும் மெதுவாகத் தடவுங்கள். சுவரில் நாலைந்து அடி உயரத்துக்குள் அது மங்கி முடிய வேண்டும்.

ஒட்டுமா என்று பார்ப்பது

படத்தைக் கட்டை விரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். பனி முதலில் கண்ணில் பட்டுத் தனியாகத் துள்ளினால் வெயில் பக்கம் அதிகம் வெளுத்துவிட்டது என்று பொருள். தென்னை நிழல் புல்லிலிருந்து சுவருக்கு ஏறும் இடத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். இருட்டின் அளவு அங்கே திடீரென்று மாறினால், புல் லேயரின் Levels எண்ணைத் திருத்த வேண்டும். Median Blur பனியை வழவழவென்று ஆக்கியிருக்கும், படத்தின் மற்ற இடங்களில் போன் கேமராவின் பொடிப் புள்ளிகள் தெரியும். Filters > Noise > RGB Noise இல் மிகக் குறைந்த அளவு சேர்த்தால் இரண்டும் கலந்துவிடும்.

தென்னை மரத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். மட்டைகளின் மேல்பக்கத்தில் லேசாகத் தொட்டுவிடலாம், அதற்கு மேல் போனால் சிரிப்புதான் வரும். அதன் நிழல் படத்தில் இருக்கும்வரை மரத்தை வெட்டித் தூக்கவும் முடியாது. வாழ்த்தட்டைக்குத் தோப்பு வேண்டாம் என்றால், மரமும் நிழலும் இல்லாத வேறு கோணத்தில் எடுத்துவிடுங்கள்.