கிரீன் டீ குளிசை: ஈரலுக்கு வினையாகும் தவறுகள்

வெள்ளவத்தையில் பார்மசி நடத்துகிறேன். கவுண்டரில் புதிதாக நிற்கும் பிள்ளைகள், நான் அந்த வயதில் சொன்னதையே சொல்கிறார்கள்: "தேயிலைதானே அக்கா, பயமில்லாமல் எடுங்கோ." காலாவதித் தேதி பார்ப்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விடுகிறேன்.

கோப்பையும் குளிசையும் ஒன்றென நினைப்பது

ஒரு கோப்பை கிரீன் டீயில் இஜிசிஜி என்ற பொருள் ஏறக்குறைய 50 முதல் 100 மில்லிகிராம் இருக்கும். லேபிளில் "500 மி.கி. சாறு, 50 சதவீதம் இஜிசிஜி" என்றிருந்தால் ஒரு குளிசையிலேயே 250. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்றால் 1000. குளிசையாக நாளுக்கு 800 மி.கி.யும் அதற்கு மேலும் எடுத்தவர்களிடம் ஈரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் இரத்தத்தில் உயர்ந்ததை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சுட்டிக்காட்டியது. இது வெறும் எல்லைக்கோடுதான். அதற்குக் குறைந்த அளவிலும் சிலருக்கு ஈரல் கெட்டிருக்கிறது.

வெறும் வயிற்றில் எடுப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். கொழுப்புக் கரையும் என்று விடியற்காலையில், நடைக்குப் போகுமுன் விழுங்குகிறார்கள். வயிற்றில் சாப்பாடு இல்லாவிட்டால் இஜிசிஜி பல மடங்கு அதிகமாக இரத்தத்தில் ஏறும். தேநீரை மெல்ல மெல்லக் குடிக்கிறோம், நாள் முழுக்கப் பரவிப் போகும். குளிசை அப்படியல்ல, ஒரே தடவையில் ஈரலுக்குப் போய்ச் சேரும்.

வழமையாக வரும் ஒரு அக்கா இப்படித்தான் எடுத்தார். இரண்டாவது மாதம் களைப்பு, சாப்பாட்டில் வெறுப்பு, குமட்டல். வாயு என்று நினைத்து கேஸ்ட்ரிக் குளிசை கேட்டார்; புதுப் பிள்ளையும் வேறொன்றும் கேட்காமல் கொடுத்துவிட்டாள். அடுத்த வாரம் சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளானது. செங்கமாரி. இரத்தப் பரிசோதனையில் ஏஎல்டி என்ற ஈரல் நொதி பல மடங்கு கூடியிருந்தது. கிளினிக்கில் "என்ன மருந்து எடுக்கிறீங்கள்?" என்று கேட்டபோது "ஒன்றுமில்லை" என்றாராம்! குளிசையை அவர் மருந்தாகவே எண்ணவில்லை. அதனால் இப்போது நான் "மெலிய ஏதாவது எடுக்கிறீங்களா?" என்றுதான் கேட்கிறேன்.

பெரும்பாலும் பாதிப்பு தெரிவது முதல் ஆறு மாதத்துக்குள். குமட்டலும் கறுத்த சிறுநீரும் சேர்ந்து வந்தால் அன்றே நிறுத்தி, ஈரல் பரிசோதனை செய்ய வேண்டும்.

கஃபீன் நீக்கியது என்றால் பயமில்லை

இல்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில் பெண்களிடம் செய்து 2017இல் வெளியான ஆய்வில் கொடுத்ததே கஃபீன் நீக்கிய சாறுதான். அதிலும் ஏறத்தாழ 5 சதவீதப் பெண்களுக்கு ஈரல் அளவீடுகள் உயர்ந்தன. ஒப்பிடுவதற்காகச் சாறில்லாத வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 1 சதவீதத்துக்கும் குறைவு.

குணமானதும் திரும்பத் தொடங்குவது

வேண்டாம். நிறுத்தினால் பெரும்பாலோருக்கு சில வாரங்கள், சில மாதங்களில் ஈரல் தேறும். ஈரல் முற்றாகச் செயலிழந்தவர்களும் உண்டு. மறுபடி எடுத்தால் முன்னைவிட விரைவாகத் திரும்பி வரலாம். HLA-B*35:01 என்ற மரபுக்கூறு உள்ளவர்களிடம் இந்த ஈரல் பாதிப்பு அதிகம் காணப்படுகிறது. ஆனால் குளிசை வாங்க வரும் யாரும் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு வருவதில்லை.