பேரீச்சம்பழத்தில் வெள்ளைப் புள்ளி: என் அனுபவம்

மாட்டுங்காவில் வாங்கிய பேரீச்சம்பழத்தை ஃப்ரிட்ஜில் வைத்து மறந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் தோல் முழுக்க வெள்ளைப் புள்ளி. "பூஞ்சை பிடிச்சிடுச்சு, தூக்கிப் போடும்மா" என்றார் மாமியார். அரைக்கிலோ! மனசு வரவில்லை.

விரலால் தேய்த்தேன், மணல் மாதிரி நெருடியது. ஒரு பழத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டதும் சில நிமிஷத்தில் புள்ளிகள் கரைந்துபோயின. அப்போ சர்க்கரைதான், பழம் உலர உலர வெளியே வந்து படிகிறது. பூஞ்சை கரையாது. பெரும்பாலும் பஞ்சு போல இருக்கும், மக்கல் வாடை அடிக்கும்.

ஆனாலும் அதோடு விடவில்லை, ஒவ்வொன்றாகப் பிளந்து பார்த்தேன். வெளியே பளபளவென்று இருந்த ஒன்றின் உள்ளே கொட்டையைச் சுற்றி கரித்தூள் போலக் கறுப்பு. அதுதான் நிஜப் பூஞ்சை. அதைக் குப்பையில் போட்டேன்.

பக்கத்து டப்பா உலர்திராட்சையில் நூலாம்படை, பழுப்புத் துகள், ஒரு குட்டிப் புழு. கழுவிப் பயனில்லை, முழுசாகக் கொட்டினேன். இப்போதெல்லாம் புதிதாக வாங்கியதை முதலில் ஒரு வாரம் ஃப்ரீசரில் வைக்கிறேன். பூச்சி முட்டை இருந்தாலும் செத்துவிடும்.