ஏர்போர்ட் செக்யூரிட்டில லேப்டாப், போன்: சார்ஜ் இல்லாம போய் மாட்டிக்காதீங்க

முதல் தடவ ஃப்ளைட் ஏறுறவங்க எல்லாரும் என்கிட்ட கேக்குறது "லேப்டாப்ப பைய விட்டு வெளிய எடுக்கணுமா, வேணாமா"ங்கறது தான். அது சின்ன விஷயம், ரெண்டு நிமிஷத்துல சொல்லிடலாம். யாருமே கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு, போன்ல சார்ஜ் சுத்தமா செத்துப்போயிருந்தா செக்யூரிட்டில என்ன ஆகும்? நான் அதுல ஒருதடவ நல்லா மாட்டி முழிச்சவன், அதனால இந்த போஸ்ட்ல பாதி அதப் பத்தி தான்.

ஸ்டெப் 1: முந்தின நாள் ராத்திரி சார்ஜ் போடுங்க

கையில கொண்டு போற எல்லாத்தையும் போடணும். போன், லேப்டாப், டேப்லெட், புக் படிக்கிற ரீடர், கேமரா, பேக்ல ஒரு மூலையில கிடக்குற பழைய போன் உட்பட. பழைய போன தான் எல்லாரும் மறந்துடுவாங்க, மாட்டுறதும் பெரும்பாலும் அது தான்.

ஏன்னா செக்யூரிட்டி ஆபீசர் எந்த டிவைஸையும் எடுத்து "இத ஆன் பண்ணி காட்டுங்க"ன்னு கேக்கலாம். 2014 ஜூலைல அமெரிக்கா, தங்க நாட்டுக்கு நேரா வர ஃப்ளைட்டுக்கு சில வெளிநாட்டு ஏர்போர்ட்ல இந்த ரூல கொண்டு வந்துச்சு, ஆன் ஆகாத டிவைஸ் ஃப்ளைட்ல ஏறக்கூடாதுன்னு. பிரிட்டனும் அதே மாசம் அதையே ஃபாலோ பண்ணுச்சு, இன்னிக்கும் அவங்க கவர்மென்ட் சைட்ல "கேக்கும்போது ஆன் ஆகலன்னா அத ஃப்ளைட்டுக்குள்ள கொண்டு போக முடியாது"ங்கற மாதிரி தான் போட்டிருக்கு.

காரணம் ரொம்ப சிம்பிள். உள்ள இருக்கறத எடுத்துட்டு அந்த இடத்துல வேற எதையாவது வச்சு மூடிட்டா வெளிய பாக்க அது போன் மாதிரியே தான் இருக்கும். 1988ல பான் ஆம் 103 ஃப்ளைட்ல குண்டு வச்சது ஒரு ரேடியோ கேசட் ப்ளேயருக்குள்ள. ஸ்க்ரீன் எரிஞ்சு நார்மலா பூட் ஆகுதுன்னா உள்ள பேட்டரி, போர்டு எல்லாம் அதது இடத்துல இருக்குன்னு ஒரு நம்பிக்கை, அவ்ளோ தான். அதனால பெரும்பாலும் ஸ்க்ரீன் ஆன் ஆகி லோகோ வந்து கொஞ்சம் ஓடினாலே விட்டுடுவாங்க. உங்க வாட்ஸாப்ப பாக்கறது அவங்க வேலை இல்ல.

எவ்ளோ சார்ஜ் வேணும்னா, ஆன் ஆனா போதும், 100 எல்லாம் தேவையில்ல. ஆனா செக்யூரிட்டி முடிஞ்சு கேட்ல மறுபடி கேக்கலாம், ட்ரான்ஸிட் இருந்தா அடுத்த ஏர்போர்ட்லயும் கேக்கலாம், அதுவரைக்கும் தாங்கணும்.

ஸ்டெப் 2: சார்ஜர் கைப்பையில தான், செக்-இன் பெட்டில இல்ல

இத நான் பட்டு தான் கத்துக்கிட்டேன். என்னோட ஒரு பழைய லேப்டாப்புக்கு பேட்டரி போயிடுச்சு, சார்ஜர் சொருகினா தான் ஓடும், பிடுங்கினா அடுத்த செகண்ட் ஆஃப். வீட்ல எப்பவும் ப்ளக்லயே இருக்கறதால அது ஒரு குறையாவே எனக்கு தோணல. கிளம்பும்போது வெயிட் குறையட்டும்னு சார்ஜர பெரிய பெட்டில போட்டு செக்-இன் பண்ணிட்டேன்.

முதல் ஏர்போர்ட்ல யாரும் ஒண்ணும் கேக்கல. ட்ரான்ஸிட்ல, போர்டிங் கேட்ல, ஒரு டேபிள் போட்டு வச்சு சில பேர மட்டும் தனியா கூப்பிட்டாங்க, அதுல நான் ஒருத்தன். ஆபீசரம்மா லேப்டாப்ப காட்டி "ஆன் பண்ணுங்க"ன்னாங்க. பட்டன அமுக்குறேன், ஒண்ணும் இல்ல. "பேட்டரி போயிடுச்சு மேடம், சார்ஜர் பெட்டில இருக்கு"ன்னு சொன்னேன். அவங்க கோபமெல்லாம் படல, "அப்போ இது உள்ள போகாது சார்"னு நிதானமா சொன்னாங்க, அது தான் இன்னும் பயமா இருந்துச்சு. பெட்டி எங்கயோ ஃப்ளைட்டோட வயித்துக்குள்ள போயாச்சு, அத திரும்ப எடுக்கவும் முடியாது.

நல்லவேளையா க்யூல பின்னாடி நின்ன ஒரு அண்ணன் "தம்பி, அதே கம்பெனி தான் என்கிட்டயும் இருக்கு, பின் சேருதான்னு பாருங்க"ன்னு அவர் சார்ஜர நீட்டினாரு. சுவத்துல ஒரு ப்ளக் பாயின்ட் தேடி சொருகினோம். ஃபேன் சுத்துற சத்தம் கேட்டு லோகோ வந்ததும் ஆபீசரம்மா தலையாட்டிட்டாங்க, பாஸ்வேர்ட் ஸ்க்ரீன் வரைக்கும் கூட நிக்கல. ப்ளக்ல ஓடினா ஒத்துக்குவாங்கன்னு எல்லா ஊர்லயும் நம்பாதீங்க, அது அந்த ஆபீசரோட முடிவு. ஆனா சார்ஜர் கையில இல்லன்னா அந்த சான்ஸே கிடையாது.

ஸ்டெப் 3: பேட்டரி எங்க போகணும்

பவர் பேங்க், கழட்டி வச்ச ஸ்பேர் பேட்டரி எல்லாம் கைப்பையில மட்டும் தான் போகணும், செக்-இன் பெட்டில கூடவே கூடாது. லித்தியம் பேட்டரி சூடாகி புகைய ஆரம்பிச்சா கேபின்ல ஆள் பாத்து அணைக்க முடியும், கீழ சரக்கு இருக்கற இடத்துல ஆள் போய் அணைக்க முடியாது.

பவர் பேங்க்ல 100 Wh, அதாவது 100 வாட் ஹவர் வரைக்கும் பொதுவா பிரச்சனை இல்ல. 100ல இருந்து 160 வரைக்கும் ஏர்லைன்கிட்ட முன்னாடியே அனுமதி வாங்கணும், அதுவும் ரெண்டு தான். அதுக்கு மேல கிடையாது. மேல எழுதியிருக்கறது mAh மட்டும் தான்னா இப்படி கணக்கு போடுங்க:

```
20000 mAh × 3.7 V ÷ 1000 = 74 Wh
```

அந்த எழுத்து அழிஞ்சு போயிருந்தா பிடுங்கி வச்சுக்க வாய்ப்பு இருக்கு, அதனால லேபிள் தேய்ஞ்ச பவர் பேங்க வீட்லயே விட்டுடுங்க. எத்தன எடுக்கலாம், ஃப்ளைட்ல யூஸ் பண்ணலாமாங்கறது ஏர்லைனுக்கு ஏர்லைன் மாறும், டிக்கெட் போட்ட ஏர்லைன் சைட்ல ஒருதடவ பாத்துக்கோங்க. பேட்டரி உப்பி மூடி தூக்கிட்டு இருக்கற போனோ லேப்டாப்போ இருந்தா பெட்டிலயும் வேணாம், கையிலயும் வேணாம்.

லேப்டாப்ப பெட்டில போட்டே ஆகணும்னா முழுசா ஷட் டவுன் பண்ணுங்க. மூடி வச்சா ஆஃப்னு நினைக்காதீங்க, ஸ்லீப்ல இருக்கற லேப்டாப் துணிக்குள்ள தானா முழிச்சுக்கிட்டு சூடாகும்.

ஸ்டெப் 4: பெல்ட் பக்கத்துல

சாதாரண எக்ஸ்ரே இருக்கற லேன்ல லேப்டாப், டேப்லெட் எல்லாம் வெளிய எடுத்து ட்ரேல தனியா வைக்கணும், மேல ஜாக்கெட் போட்டு மூடக்கூடாது. லேப்டாப் பேட்டரியும் போர்டும் ரொம்ப அடர்த்தி, எக்ஸ்ரேல அது ஒரு கருப்பு பலகை மாதிரி விழுந்து கீழ இருக்கறத எல்லாம் மறைச்சுடும், அதுக்காக தான் தனியா கேக்கறாங்க. புதுசா வந்திருக்கற சிடி ஸ்கேனர் சுத்தி சுத்தி படம் எடுக்கும், ஆபீசர் ஸ்க்ரீன்ல பைய திருப்பி திருப்பி பாக்கலாம், அதனால அந்த லேன்ல பெரும்பாலும் உள்ளயே விடச் சொல்லுவாங்க. ஒரே ஏர்போர்ட்ல பக்கத்து பக்கத்து லேன்லயே ரூல் வேற வேறயா இருக்கும். போன தடவ என்ன பண்ணோம்னு யோசிக்காம அந்த ஆபீசர் சொல்றத கேளுங்க.

போன பாக்கெட்ல வச்சிட்டு நடக்காதீங்க, பைக்குள்ள போட்டு ஜிப் மூடிடுங்க. ட்ரேல தனியா வச்சா மறந்துடுவீங்க.

சில சமயம் ஒரு சின்ன துணிய லேப்டாப் மேல தேச்சு மெஷின்ல வைப்பாங்க. வெடிமருந்து துகள் இருக்கான்னு பாக்கறது அது. பயப்பட ஒண்ணும் இல்ல, சில செகண்ட்ல ரிசல்ட் வந்துடும்.

ஸ்டெப் 5: போன் செத்துடுச்சு, இப்போ?

க்யூல நிக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சா நின்னுடுங்க, க்யூவுக்குள்ள போகாதீங்க. சார்ஜிங் பாயின்ட் தேடுங்க, இல்ல பவர் பேங்க்ல போடுங்க. சுத்தமா வடிஞ்ச போன் சொருகின உடனே ஆன் ஆகாது, அஞ்சு பத்து நிமிஷம் வெறும் பேட்டரி படம் மட்டும் காட்டும், சிலது அதக்கூட காட்டாது. அந்த நேரத்துல திரும்ப திரும்ப பட்டன அமுக்கி பூட் பண்ண பாத்தா ஏறின கொஞ்சமும் வடிஞ்சுடும். பொறுமையா விட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க.

ஆபீசர் முன்னாடி நிக்கும்போது தான் தெரியுதா, மறைக்காதீங்க. "சார்ஜ் இல்ல, கேபிள் இருக்கு, சொருகி காட்டட்டுமா"ன்னு நீங்களே கேளுங்க. சும்மா செத்த போன அமுக்கி அமுக்கி முழிச்சா தான் சந்தேகம் வரும். பெரும்பாலான இடத்துல இத கேக்கவே மாட்டாங்க, எக்ஸ்ரேயோட முடிஞ்சுடும். ஆனா கேட்டு, கடைசி வரைக்கும் ஆன் ஆகலன்னா அது உள்ள வராது. பெட்டி இன்னும் போகலன்னா அதுல போட முடியுமான்னு ஏர்லைன்கிட்ட கேக்கலாம், வழியனுப்ப வந்தவங்க கிட்ட குடுத்து விடலாம், இல்லன்னா அந்த டிவைஸ விட்டுட்டு ஏறணும். சார்ஜ் ஏத்திட்டு அடுத்த ஃப்ளைட்ல வரேன்னு போனவங்களும் இருக்காங்க.

இன்னொண்ணு, போர்டிங் பாஸ் அந்த செத்த போனுக்குள்ள தான் இருக்கும். செக்-இன் கவுன்டர்லயோ மெஷின்லயோ பேப்பர்ல ஒண்ணு பிரின்ட் எடுத்துக்கோங்க. ட்ரான்ஸிட் இருந்தா ராத்திரி ஃப்ளைட்ல படம் பாத்து போன காலி பண்ணிடாம, இறங்க ஒரு மணி நேரம் முன்னாடி சீட் பக்கத்துல ப்ளக் இருந்தா சொருகிடுங்க. கேட்ல இடமில்லன்னு உங்க கைப்பைய வாங்கி கீழ போடுறோம்னு சொன்னாங்கன்னா, குடுக்கறதுக்கு முன்னாடி பவர் பேங்கையும் ஸ்பேர் பேட்டரியையும் வெளிய எடுத்து கையில வச்சுக்கோங்க, சார்ஜரையும் சேத்து.