டைம்அவுட் ஆன பேமென்ட்டை மறுபடி அனுப்பும் முன்

டைம்அவுட் என்றால் பணம் போகவில்லை என்று அர்த்தமில்லை. பதில் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஸ்டிரைப் சர்வர் கார்டில் 500 ரூபாயை எடுத்து முடித்தபின் பதில் வழியில் தொலைந்திருக்கலாம். அதே கோரிக்கையை மறுபடி அனுப்பினால் இன்னொரு 500 போய்விடும்.

தடுக்க, ஹெடரில் ஒரு தனிச் சாவி சேருங்கள்:

```
Idempotency-Key: <UUID>
```

அதே சாவி மீண்டும் வந்தால் ஸ்டிரைப் கார்டைத் தொடாமல், முதல் முறை சேமித்த பதிலையே திருப்பித் தரும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: சாவியை ரீட்ரை லூப்புக்குள் உருவாக்கினால் ஒவ்வொரு முறையும் புதுச் சாவி, பயனே இல்லை. ஆர்டரோடு சேர்த்து டேட்டாபேஸில் எழுதிவிட்டு அப்புறம் அனுப்புங்கள். v1 ஏபிஐயில் 24 மணி நேரத்துக்குப் பின் சாவி அழிக்கப்படலாம். அதற்குமேல் ரீட்ரை வேண்டாம், பணம் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.