பக்கத் தலைப்பில் ஏறி உட்கார்ந்த நள்ளிரவு பேருந்து

பேருந்து நேர அட்டவணைப் பக்கங்களின் தலைப்பை போக்குவரத்து அட்டவணைகளுக்கான பொதுத் தரவு வடிவமான ஜிடிஎஃப்எஸ் தொகுப்பிலிருந்து தானாக உருவாக்குகிறேன்: தடம், கிழமை, முதல் வண்டி, கடைசி வண்டி. புது அட்டவணை வந்ததும் ஒரு தலைப்பு மட்டும் இப்படி மாறியது: "தடம் 14 | சனி | 00:40 – 23:50". சனிக்கிழமை முதல் வண்டி உண்மையில் 05:30. தலைப்பை நம்பி வெள்ளி இரவு காத்திருப்பவருக்கு வண்டியே வராது.

கேஷைக் காலி செய்தேன், நேர மண்டலத்தை மாற்றினேன், அந்தத் தொகுப்பில் சேவை நாட்களைச் சொல்லும் `calendar.txt` கோப்பை வரி வரியாகப் பார்த்தேன். மூன்று நாள் வீண்.

கடைசியில் நிறுத்த நேரங்கள் உள்ள `stop_times.txt` கோப்பைத் திறந்தால், அந்த வண்டியின் நேரம் `24:40:00`. பிழையல்ல, சனிக்கிழமைச் சேவை நள்ளிரவைத் தாண்டி ஓடினால் அப்படித்தான் எழுத வேண்டும். என் நிரல்தான் அதை 00:40 என்று திருத்தி, சனியின் தொடக்கத்துக்குத் தள்ளிவிட்டது. பழைய அட்டவணையில் நள்ளிரவு வண்டி இல்லாததால் இது வெளியே தெரியவில்லை.

நேரத்தை நொடிகளாகவே வைத்தேன்:

```
t = h*3600 + m*60 + s
```

24:40 இப்போது 88800, வரிசையில் கடைசி. ஒரு நாளின் 86400 நொடிகளைத் தொட்டாலோ தாண்டினாலோ, காட்டும்போது மட்டும் "ஞாயிறு அதிகாலை 12:40".