வட்ட விளக்கப்படத்தைப் படியெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனில் எங்களிடம் படியெடுக்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள், கைப்பேசியில் எடுத்த வட்ட விளக்கப்படங்களில் ஒரே வகைத் தவறுகளையே செய்கிறார்கள். எழுத்துப்பிழை, வரி விடுபடுவது போன்றவற்றை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வார்கள் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

தெரியாத எண்ணைக் கழித்துக் கண்டுபிடிப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். தென்னாப்பிரிக்காவின் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இனவாரிப் படம் ஒன்றை ஒரு தம்பியிடம் கொடுத்திருந்தோம். கறுப்பின ஆப்பிரிக்கர் 81,4%, கலப்பினத்தவர் 8,2%, வெள்ளையர் 7,3% என்பவை தெளிவாக இருந்தன. 'இந்தியர் அல்லது ஆசியர்' என்ற பெயர் தெரிந்தது. அதன் எண் மட்டும் மங்கிக் கிடந்தது. தெரிந்தவற்றைக் கூட்டி, வந்த 96,9-ஐ நூற்றிலிருந்து கழித்து, அவர் 3,1% என்று எழுதிவிட்டார். "கணக்குச் சரியாகத்தானே வருகிறது, அக்கா?" என்றும் கேட்டார்.

மூல அறிக்கையில் இருந்ததோ 2,7%. மிச்சமான 0,4% 'பிறர்' என்னும் ஐந்தாவது துண்டுக்குரியது; ஒன்றரைப் பாகைக்கும் குறைவான அந்தக் கீற்று, படத்தில் பக்கத்து நிறத்தோடு கலந்து மறைந்திருந்தது. நம்மவர்களைப் பற்றிய எண்ணே பிழையாக அச்சேறி, அந்தப் பக்கத்தை மீண்டும் அச்சிட நேர்ந்தது.

ஒரே ஓர் எண் மட்டும் தெரியாதபோதும் கழித்தலை நம்ப முடியாது. ஒவ்வோர் எண்ணும் தனித்தனியே முழுமையாக்கப்படுவதால், கூட்டுத்தொகை 99,9 என்றோ 100,1 என்றோ வருவதுண்டு. ஆகவே 'இந்தியர் அல்லது ஆசியர்: [எண் வாசிக்க இயலவில்லை]' என்று எழுதி, வாசிக்க முடிந்தவற்றின் கூட்டுத்தொகை 96,9% என்பதைத் தனிக் குறிப்பாகக் கொடுங்கள். முதல் இலக்கம் மட்டும் தெரிந்தால் '2,?%' என்று எழுதலாம். பெயரும் எண்ணும் இரண்டுமே தெரியாத துண்டையும் விட்டுவிடாமல், '[பெயரும் எண்ணும் வாசிக்க இயலாத மெல்லிய துண்டு]' என்று அதன் இடத்திலேயே குறிக்க வேண்டும்.

தசமக் காற்புள்ளியைத் தவறவிடுவது

இந்நாட்டு அரசு அறிக்கைகளில் தசமத்துக்குக் காற்புள்ளி இடுவதால், மங்கிய படத்தில் 2,7 என்பது 27 போலத் தெரியும். 27% என்றால் அந்தத் துண்டு கால் வட்டத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்; 2,7% என்றால் ஏறத்தாழ பத்துப் பாகைதான். துண்டின் அளவை இவ்வாறு ஐயம் தீர்க்க மட்டும் பயன்படுத்தலாம். சாய்வாக எடுத்த படத்தில் வட்டமே நீள்வட்டமாகிவிடுவதால், அளவைக் கொண்டு எண்ணை ஊகிக்கக் கூடாது.

நிறத்தை மட்டும் நம்புவது

மஞ்சள் விளக்கொளியில் எடுத்த படத்தில், நிறக்குறிப்புப் பெட்டியோடு துண்டுகளை நிறம் பார்த்துப் பொருத்தாதீர்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பது

படத்தில் பதியாத எழுத்து பெரிதாக்கினாலும் வராது. முழுப் படம் ஒன்றும், சிறிய துண்டுகளுக்கு நேர் மேலே நெருக்கமாகப் பிடித்த படம் ஒன்றும் புதிதாக எடுத்து அனுப்பும்படி கேளுங்கள்.